பிரெஞ்சு மின்னஞ்சலின் கடைசி வரி

பிரெஞ்சு மொழியில் எழுதும் மின்னஞ்சல், சொல்ல வந்த செய்தியோடு முடிந்துவிடுவதில்லை. செய்திக்கும் எழுதியவர் பெயருக்கும் நடுவே ஒரு மரியாதை வாசகம் வந்தாக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘ஃபோர்முல் து பொலித்தேஸ்’ என்கிறார்கள். சில நேரம் அது ஒற்றைச் சொல். சில நேரம் ஒன்றரை வரிக்கு நீளும் முழு வாக்கியம். அதை விட்டுவிட்டு வெறும் பெயரைப் போட்டால், பேசிக்கொண்டிருந்தவர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனது போலிருக்கும்.

தமிழில் பள்ளி விடுப்புக் கடிதம் எழுதியவர்களுக்கு ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்ற வரி நினைவிருக்கும். ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், ஆண்டு முழுவதும் அதே வரி. பிரெஞ்சில் அந்த வசதி இல்லை. பெறுபவர் யார், எழுதுபவருக்கும் அவருக்கும் எவ்வளவு பழக்கம், இது முதல் மடலா ஐந்தாவது மடலா என்பதைப் பொறுத்து வாசகம் மாறும். அப்படி மாறும்போது, மடலின் உடலில் வாய்விட்டுச் சொல்லாத செய்தியும் அதனோடு போய்ச் சேரும்.

இந்தப் படிக்கட்டின் நடுப்படியில் நிற்பது ‘கோர்தியால்மான்’.

```
Cordialement,
```

லத்தீனில் ‘கோர்’ என்றால் இதயம். அந்த வேரிலிருந்து வந்ததால் ‘மனமார’ என்பதுதான் இச்சொல்லின் நேர்ப்பொருள். ஆனால் இன்று பிரான்சில் இதை வாசிப்பவர் யாரும் இதயத்தை நினைப்பதில்லை. உடன் வேலை செய்பவர், வாடிக்கையாளர், வங்கி ஊழியர், வீட்டுக்காரர், கல்லூரி அலுவலகம் என்று யாருக்கு வேண்டுமானாலும் இதை எழுதலாம். மரியாதைக் குறைவும் ஆகாது, உரிமை எடுத்துக்கொண்டதாகவும் ஆகாது. மின்னஞ்சலில் தானாகவே விழும் கையொப்பப் பகுதியில் பலர் இதை நிரந்தரமாக எழுதிவைத்துவிடுகிறார்கள். எழுதியவர் நினைத்து எழுதினாரா, கணினி போட்டதா என்று தெரியாத அளவுக்கு அது தேய்ந்துபோய்விட்டது.

தேய்ந்ததால்தான் அதற்கு முன்னே ஒட்டுகள் வந்தன. ‘பியன் கோர்தியால்மான்’ என்று எழுதினால் ஒரு படி நெருக்கம். ‘த்ரே கோர்தியால்மான்’ என்றால் இன்னும் ஒரு படி. ‘பியன்’ என்பதற்கு ‘நன்றாக’ என்றும் ‘த்ரே’ என்பதற்கு ‘மிக’ என்றும் பொருள். புதிதாகப் பிரெஞ்சு கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். சொல் கூடினால் மரியாதை கூடும் என்று நினைத்து, முன்பின் தெரியாத அதிகாரிக்கு ‘த்ரே கோர்தியால்மான்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே சொல் கூடக் கூடப் பெருகுவது நெருக்கம், மரியாதை அல்ல. அந்த அதிகாரி கோபப்படமாட்டார். ஆனால் பழக்கமில்லாத ஒருவர் தோளில் கை போட்டது போல அவருக்குத் தோன்றும்.

இதையே ‘Cdt’ என்றும் ‘Cdlt’ என்றும் சுருக்கி எழுதுவோர் உண்டு. தினமும் பத்துத் தடவை மடல் பரிமாறிக்கொள்ளும் சக ஊழியர்களுக்கு நடுவே அது செல்லும். வெளியாருக்கு அனுப்பினால், உனக்காக ஒரு முழுச் சொல்லைத் தட்டவும் எனக்கு நேரமில்லை என்று சொன்னதாகிவிடும்.

நடுப்படிக்கு அருகிலேயே, கொஞ்சம் வேறு மணத்தோடு இருப்பது ‘பியன் நா வூ’. ‘நான் உங்களுடையவன்’ என்ற பொருளின் மிச்சம் அது. ஏற்கெனவே அறிமுகமானவர்களுக்குள், ஓரளவு சம நிலையில் இருப்பவர்களுக்குள் இது அழகாக இருக்கும். பெல்ஜியத்தில் இதன் புழக்கம் அதிகம். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசுபவர்களோ ‘மெய்யேர் சாலுதாசியோன்’, அதாவது ‘சிறந்த வணக்கங்கள்’ என்று எழுதுவார்கள். ஆகவே ஜெனீவாவிலிருந்து வரும் மடலின் முடிவைப் பாரிஸ் அளவுகோலால் அளக்கக்கூடாது.

நடுப்படிக்குக் கீழே விதிகள் தளர்ந்துவிடும். ‘பொன் ழூர்னே’ என்றால் ‘இன்றைய நாள் நல்லதாகட்டும்’. அதைத் தனியாகவும் எழுதலாம், ‘கோர்தியால்மான்’ சொல்லுக்கு மேலே ஒரு வரியாகவும் எழுதலாம். பின்னதுதான் அலுவலகங்களில் அதிகம். ‘அமிகால்மான்’ என்பது நட்போடு முடிப்பது; நண்பர்கள் அல்லது வெகுநாள் சக ஊழியர்கள் என்றால் மட்டும் சரி. ‘பீஸ்’ என்றால் முத்தங்கள். குடும்பத்துக்கும் நெருங்கிய தோழமைக்கும் உரியது அது. சில அலுவலகங்களில் ஒரே அணியில் இருப்பவர்களும் எழுதிக்கொள்கிறார்கள் என்றாலும், அதைப் புதியவர் தொடங்கிவைக்கக் கூடாது.

நடுப்படிக்கு மேலே போகும்போதுதான் பிரெஞ்சு மொழி தன் பழைய உடையை எடுத்து உடுத்துகிறது. ‘வெய்யே அக்ரேயே’ என்று தொடங்கும் நீண்ட வாசகம் அது.

```
Veuillez agréer, Madame, mes salutations distinguées.
```

‘அம்மையீர், என் மேலான வணக்கங்களை ஏற்றருள்க’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். வெளியே மிரட்டலாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை நான்கே உறுப்புகள்: ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வினை, பெறுபவரை விளிக்கும் சொல், கொடுக்கப்படும் பொருள், அந்தப் பொருளுக்கு ஓர் அடைமொழி. ஒவ்வோர் உறுப்பையும் மாற்றி மரியாதையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

வினையில் தொடங்கினால், ‘வெய்யே’ என்பது ஏவல் வினை. எவ்வளவு பணிவான ஏவலாக இருந்தாலும் ஏவல் ஏவல்தான். அதனால் சமமானவர்களுக்கும், நிறுவனம் வாடிக்கையாளருக்கும், அலுவலகம் பொதுமக்களுக்கும் எழுத அது பொருந்தும். பிரான்சில் குடியேறியவர்களுக்கு ‘ப்ரெஃபெக்த்யூர்’ என்னும் மாவட்ட நிர்வாக அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களின் அடியில் இது பழகிப்போன வரி. கீழிருந்து மேலே, அதாவது விண்ணப்பதாரர் அதிகாரிக்கும் மாணவர் பேராசிரியருக்கும் எழுதும்போது, ஏவலைத் தவிர்த்து ‘ழு வூ ப்ரி தாக்ரேயே’, ‘ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்’ என்று தொடங்குவதே நல்லது. இதில் எழுவாய் ‘நான்’. கட்டளை போய் வேண்டுகோள் வந்துவிடுகிறது. இந்தச் சிறிய வேறுபாட்டைப் படித்த பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கவனிக்கிறார்கள். ‘அக்ரேயே’ என்பதற்குப் பதிலாக ‘ருசுவ்வார்’, அதாவது ‘பெற்றுக்கொள்ள’ என்று எழுதினால் ஒரு படி இறங்கும்.

அடுத்தது விளி. மடலின் தலைப்பில் எப்படி அழைத்தோமோ, அப்படியே அச்சுப் பிசகாமல் முடிவிலும் அழைக்க வேண்டும். மேலே ‘மதாம் லா திரெக்த்ரிஸ்’ என்று இயக்குநர் அம்மையாரை அழைத்துவிட்டு, கீழே வெறும் ‘மதாம்’ என்று எழுதினால், பக்கத்தின் நடுவில் அவருடைய பதவியைப் பறித்ததுபோல் ஆகும். பெறுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது இரண்டையும் சேர்த்து ‘மதாம், முஸ்யே’ என்று மேலும் கீழும் எழுதுவது வழக்கம். ‘மத்முவாசேல்’ என்ற திருமணமாகாத பெண்ணுக்கான சொல்லை 2012 பிப்ரவரியில் பிரெஞ்சுப் பிரதமர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை மூலம் அரசுப் படிவங்களிலிருந்து நீக்கச் சொன்னது. ஆகவே வயதோ மணநிலையோ எதுவானாலும் பெண்ணுக்கு எழுதினால் ‘மதாம்’ போதும். விளிச்சொல்லுக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி கட்டாயம்.

மூன்றாவது உறுப்பு, கொடுக்கப்படும் பொருள். ‘சாலுதாசியோன்’ என்றால் வணக்கங்கள், எல்லாருக்கும் கொடுக்கலாம். ‘சாந்திமான்’ என்றால் உணர்வுகள். வணக்கத்தைவிடச் சற்றுத் தனிப்பட்டது. ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் எழுதும்போது இச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்பது பழைய மரபு. இன்று அதைப் பலரும் பார்ப்பதில்லை. ஆனாலும் ‘சாலுதாசியோன்’ எழுதினால் அந்தக் கேள்வியே எழாது. ‘கோன்சிதேராசியோன்’ என்றால் மதிப்பு. இது பதவியில் உயர்ந்தவர்களுக்கு. அமைச்சருக்கோ தூதருக்கோ எழுதும்போது ‘ஓத்’ என்ற அடைமொழி சேர்ந்து ‘உயர்ந்த மதிப்பு’ ஆகிவிடும். அடைமொழிகளில் ‘திஸ்தாங்கே’ என்பதே நடுநிலை. ‘மெய்யேர்’ என்றால் இணக்கம் கூடும். ‘ரெஸ்பெக்துயூ’ என்றால் பணிவு கூடும். மூத்தவர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் உரியது.

இந்த நீண்ட வாசகத்தில் தவறுகளும் பெரும்பாலும் ஒரே மூன்று இடங்களில்தான் நேர்கின்றன. முதலாவது எழுத்துப் பிழை. ‘அக்ரேயே’ என்ற ஒலி, ‘agréer’ என்று எழுதினாலும் ‘agréez’ என்று எழுதினாலும் ஒன்றுதான். காதால் கேட்டு எழுதுபவர்கள், பிரெஞ்சுக்காரர்களும் அதில் அடக்கம், ‘Veuillez agréez’ என்று இரண்டு ஏவல்களை அடுத்தடுத்து வைத்துவிடுகிறார்கள். ‘Veuillez’ என்ற சொல்லுக்குப் பின் வருவது ‘-er’ என்று முடிய வேண்டும். ‘-ez’ வர வேண்டுமானால் ‘Agréez’ தனியாக நிற்க வேண்டும். மரியாதை வாசகத்திலேயே பிழை இருந்தால் மடலின் மற்ற சிறப்புகள் கண்ணில் படாது.

இரண்டாவது, பொருளுக்கும் அதைச் சுமக்கும் சொல்லுக்கும் உள்ள பொருத்தம். உணர்வுகளை வெளிப்படுத்தலாம், ஆகவே ‘லெக்ஸ்ப்ரெசியோன் து மே சாந்திமான்’, ‘என் உணர்வுகளின் வெளிப்பாடு’ என்பது சரி. மதிப்பை உறுதிகூறலாம், ஆகவே ‘லாசுரான்ஸ் து மா கோன்சிதேராசியோன்’ சரி. வணக்கத்தை யாரும் வெளிப்படுத்துவதில்லை. வணக்கம் சொல்கிறோம், அவ்வளவுதான். அதனால் ‘வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருள்க’ என்று எழுதுவதை மொழிநடையில் கண்டிப்பானவர்கள் பிழை என்பார்கள். இந்தப் பிழை பிரான்சில் வெகு பரவலாக இருப்பதால், எங்கோ கண்ட மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவது பாதுகாப்பில்லை.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. பதிலை எதிர்பார்க்கிறேன் என்ற செய்தியை மரியாதை வாசகத்தோடு சேர்த்து ஒரே வாக்கியமாக்குவது வழக்கம். ‘உங்கள் பதிலை எதிர்பார்த்து’ என்று தொடங்கி ‘வெய்யே அக்ரேயே’ என்று முடித்தால், எதிர்பார்ப்பவர் எழுதியவர், ஏற்றுக்கொள்பவர் பெற்றவர் என்று வாக்கியம் இரண்டாகப் பிளந்துவிடும். அப்படி முன்னொட்டு ஒன்று வரும்போது ‘ழு வூ ப்ரி’ என்று ‘நான்’ எழுவாயாகத் தொடர வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். மன்னராட்சிக் காலத்துப் பிரெஞ்சுக் கடிதங்கள் ‘தங்கள் மிகப் பணிவான, மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்ற பொருளில் முடிந்தன. 1789இல் தொடங்கிய புரட்சி, மன்னரோடு சேர்த்து அந்த வரியையும் வீழ்த்தப் பார்த்தது. குடிமகன் குடிமகனுக்கு எழுதும்போது ‘சால்யூ எ ஃப்ராத்தெர்னித்தே’, ‘வணக்கமும் சகோதரத்துவமும்’ என்று முடித்தார்கள். அது நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஊழியன் போய்விட்டான். ஆனால் ஏற்றருளச் சொல்லும் வாக்கியம் நிலைத்து நின்றது. மின்னஞ்சல் வந்து அதை ஓரம்கட்டியிருக்கிறதே தவிர, ஒழித்துவிடவில்லை. சட்டம், வேலை விண்ணப்பம், அரசு அலுவலகம், ராஜினாமா, புகார் ஆகிய இடங்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

படிகள் நடைமுறையில் எப்படி மாறுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பின்தொடரலாம். லியோன் நகரில் மாதம் 600 யூரோ வாடகைக்கு இருந்த மாணவி ஒருவர் ஜூன் 30ஆம் தேதி வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கார அம்மையாரும் அவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையில் சேதம் எதுவும் இல்லை. முன்பணம் 600 யூரோ. 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டப்படி, சேதம் இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் அது திரும்பி வர வேண்டும்.

ஜூலை 3ஆம் தேதி மாணவி தன் புதிய முகவரியை அனுப்புகிறார். ‘பொன்ழூர் மதாம்’ என்று தொடங்கி ‘பியன் கோர்தியால்மான்’ என்று முடிக்கிறார். இரண்டு ஆண்டு பழக்கத்துக்கு அது பொருத்தம். ஒரு மாதம் கழிகிறது, பணம் வரவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி நினைவூட்டல் அனுப்புகிறார்; அதன் முடிவில் ‘பியன்’ இல்லை, வெறும் ‘கோர்தியால்மான்’. மடலில் ஒரு கடுஞ்சொல்லும் கிடையாது. ஆனால் பிரெஞ்சு வாசிப்பவர் கண்ணுக்கு அந்த விடுபட்ட ஒரு சொல் உடனே தெரியும். ‘அடுத்த வாரம் பார்க்கிறேன், பொன் ழூர்னே’ என்று பதில் வருகிறது. பணம் வரவில்லை.

ஆகஸ்ட் 25ஆம் தேதி மாணவி மின்னஞ்சலை விட்டுவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை பெறும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறார். தொடக்கத்தில் ‘பொன்ழூர்’ மறைந்து ‘மதாம்’ மட்டும் நிற்கிறது. தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும், தொடங்கிய மாதத்தையும் ஒரு மாதமாகக் கொண்டு, மாத வாடகையில் 10 சதவீதம், அதாவது 60 யூரோ கூடுதலாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டுகிறார். பிறகு இப்படி முடிக்கிறார்:

```
Dans l'attente de votre règlement, je vous prie d'agréer,
Madame, mes salutations distinguées.
```

‘தங்கள் பணம் வந்து சேரும் என்று எதிர்பார்த்து, அம்மையீர், என் மேலான வணக்கங்களை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.’ தனியாகப் படித்தால் இது மூன்று மடல்களிலும் மரியாதை மிகுந்த வரி. வரிசையில் வைத்துப் படித்தால் மூன்றிலும் மிகக் குளிர்ந்தது. பழகியவர்களுக்கு நடுவே இந்த நீண்ட வாசகம் திடீரென்று வந்து நின்றால், இனி பேச்சு சட்டப்படிதான் என்று அர்த்தம். வாசகத்தின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது எங்கிருந்து ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே கணக்குத்தான். முதல் மடலுக்கு நீண்ட வாசகத்தோடு எழுதி, பதிலில் ‘கோர்தியால்மான்’ வந்தால், அது அவமதிப்பு அல்ல. இனி இவ்வளவு சம்பிரதாயம் வேண்டாம், இந்தப் படிக்கு வாருங்கள் என்ற அழைப்பு. அதன் பிறகும் நீண்ட வாசகத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் விறைப்பாக இருக்கும். படி இறங்குவதை மேலே இருப்பவர் தொடங்கட்டும், கீழே இருப்பவர் பின்தொடரட்டும் என்பது எழுதாத விதி. அதிலும் ஒரே தாவலில் ‘கோர்தியால்மான்’ இடத்திலிருந்து ‘பீஸ்’ வரை இறங்கிவிடக் கூடாது.

புதுச்சேரியிலும் சென்னையிலும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸில் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இது தேர்வுப் பாடமும்கூட. ‘தெல்ஃப்’ தேர்வின் பி2 நிலையில் குறைந்தது 250 சொற்களில் எழுதச் சொல்லும் பகுதியில் முறையான கடிதம் அடிக்கடி வரும். அங்கே கற்ற நீண்ட வாசகத்தையே, பிரான்சில் இடம் கிடைத்ததும் வகுப்புத் தோழனுக்கும் எழுதிவிடுபவர்கள் உண்டு. பேராசிரியருக்கு முதல் மடலிலேயே ‘பொன் ழூர்னே’ என்று மட்டும் எழுதி முடிப்பவர்களும் உண்டு.

முன்பின் தெரியாத அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ முதன்முதலாக விண்ணப்பம் அனுப்புபவர்கள், மேலே ‘Madame, Monsieur,’ என்று தொடங்கி இந்த வரியோடு முடித்தால் பிசகு வராது:

```
Je vous prie d'agréer, Madame, Monsieur,
mes salutations distinguées.
```

சாதாரண விசாரணை என்றால் ‘Cordialement,’ போதும். பதில் வந்ததும், அதில் எழுதியிருக்கும் செய்தியைப் படிப்பதற்கு முன் அதன் கடைசி வரியைப் பாருங்கள். அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அதே படியில் நின்று பதில் எழுதுங்கள்.